நிலைக்கு மரம் எடுக்கப் போகிறீர்களா? 48,000 ரூபாய் கொடுத்து உளுத்த மரம் வாங்கியவன் சொல்கிறேன்

இப்போதுதான் மரக்கடையில் சண்டை போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். கை இன்னும் நடுங்குகிறது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடை பெயரைப் போடப் போவதில்லை. திருநெல்வேலி பக்கம், அறுவை மில்லோடு சேர்ந்த ஒரு பெரிய மரக்கடை, அவ்வளவுதான்.

போன ஐப்பசியில் வீட்டு வேலை நிலை வைக்கும் கட்டத்துக்கு வந்தது. தலைவாசல் ஒன்று, உள் அறைகளுக்கு ஐந்து, ஆக ஆறு நிலை. தேக்குக்குப் போக வசதியில்லை, வேங்கை என்று முடிவு செய்தோம். உள் நிலைகளுக்கு ஐந்துக்கு மூன்று இஞ்சு, தலைவாசலுக்கு ஆறுக்கு நான்கு, மொத்தம் 13 கன அடி. கன அடி 3,200 வீதம் 41,600, செய்கூலி 6,400. மொத்தமாக 48,000 ரூபாய். ஒரே தவணையில் எண்ணிக் கொடுத்தேன், மடையன்.

நான் ஒன்றும் விசாரிக்காமல் போனவன் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். வேங்கை என்று சொல்லி வேறு மரத்தைத் தலையில் கட்டுவார்கள் என்று கேள்விப்பட்டு, "அண்ணாச்சி, இது வேங்கைதான்னு எப்படி நம்புறது?" என்றே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே ஒரு சட்டத்தில் நாலு சீவல் சீவி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டார். "ஒரு காப்பி குடிச்சிட்டு வாங்க தம்பி" என்றார். திரும்பி வந்தபோது தண்ணீர் தேன் நிறத்தில் இருந்தது. டம்ளரை வெயிலில் தூக்கிப் பிடித்தார், ஓரத்தில் மயில் கழுத்து மாதிரி ஒரு நீலம் ஓடியது. வேங்கையின் வைரத்துக்கு, அதாவது முற்றிய நடுமரத்துக்கு உள்ள குணம் அது, சர்க்கரைக்கு வேங்கைக் குவளையில் தண்ணீர் குடிப்பவர்களுக்குத் தெரியும். அந்த நீலத்தைப் பார்த்ததும் நான் விழுந்துவிட்டேன். "ஒரு வருஷம் நிழல்ல காஞ்ச மரம் தம்பி, உங்க பேரன் காலம் வரைக்கும் நிக்கும்" என்றார். அதையும் அப்படியே நம்பினேன்.

மரம் வேங்கைதான், அதில் பொய்யே இல்லை. ஆனால் டம்ளர் சொல்வது மரத்தின் பெயரை மட்டும். அது காய்ந்ததா, எவ்வளவு வைரம், அதைச் சுற்றியுள்ள இளமரமான வெள்ளை எவ்வளவு என்பதை டம்ளர் சொல்லாது. சீவலை வைரத்திலிருந்து எடுத்தார் என்பதுகூட எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

பத்து நாளில் நிலைகள் வந்து இறங்கின, ஆறுக்கும் பிரைமர் அடித்து. "மழைக்காலம்லா, அதான் நம்ம செலவுல ஒரு கோட் அடிச்சு விட்டோம்" என்று போனில் சொன்னார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று வீட்டில் பேசிக்கொண்டோம். இறக்கும்போது ஆசாரி மட்டும் "சார், கனம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கே" என்றார். வேங்கைதானே, கனமாகத்தான் இருக்கும் என்று நானே அவர் வாயை அடைத்தேன். சுவருக்குள் போகும் முதுகுப் பக்கத்துக்குத் தார் அடிக்கவேண்டும் என்றார். "பிரைமர் போதும், தார் எதுக்கு?" என்று கடையில் சொன்னதால் அதையும் விட்டோம். அப்படியே ஈரச் சுவரில் வைத்துப் பூசியாயிற்று.

மாசியில் வெயில் ஏறியதும் நிலைக்கும் பூச்சுக்கும் நடுவில் கோடு விழுந்தது. பங்குனியில் அந்தக் கோட்டில் ஒரு ரூபாய்க் காசு செருகினால் உள்ளே போனது. மூலைப் பொருத்து விட்டுக்கொடுத்து இரண்டு கதவு தரையைத் தட்டியது. கடைக்குப் போன் செய்தால் "கொத்தனார் பூச்சு சரியில்லை, சிமெண்ட் சுருங்கிருக்கும்" என்றார்கள்.

வைகாசியில் தலைவாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா "கோலமாவை யாருடா இங்கே கொட்டினது?" என்று கேட்டாள். கோலமாவு இல்லை. நிலையின் ஒரு ஓரம் முழுக்கக் குண்டூசி குத்தின மாதிரி ஓட்டைகள், அதிலிருந்து மைதா போல நைஸாக மாவு. துடைத்துவிட்டுச் செய்தித்தாள் விரித்து வைத்தோம், இரண்டு நாளில் மறுபடி கொட்டியிருந்தது. உள்ளே வண்டுப் புழு உயிரோடு தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஆசாரி வந்து உளியால் பிரைமரைச் சுரண்டினார். ஓட்டை விழுந்த ஓரம் முழுக்க வெளிர் மஞ்சளாக வெள்ளை, சில இடத்தில் ஒன்றரை இஞ்சு அகலத்துக்கு. வைரத்தில் ஒரு ஓட்டைகூட இல்லை. வண்டுக்கு வேண்டியது வெள்ளையில் இருக்கும் மாவுச்சத்துதான். அந்தப் பிரைமர் மழைக்கு அடித்ததில்லை, வெள்ளையை மறைக்க அடித்தது.

கடைக்குப் போனேன். அண்ணாச்சி இல்லையாம். மறுநாள் போனேன், கல்யாண வீட்டுக்குப் போயிருக்கிறாராம். மூன்றாம் முறை ஆள் கிடைத்தார். "அது கரையான் தம்பி, உங்க வீட்டு மண்ணுல இருந்து ஏறியிருக்கு, அதுக்கு நாங்க என்ன செய்ய முடியும்?" என்றார். கரையான் மண்ணில் குழாய் கட்டிக்கொண்டு ஏறும், வெளியே இப்படி மாவு தள்ளாது. மாவை ஒரு பொட்டலத்தில் கட்டிக் காட்டினேன், அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

சரி, காய்ந்த மரம் என்றாரே, அதையாவது பார்ப்போம் என்று "காஞ்ச வேங்கை" அடுக்கிலிருந்து ஒரு சட்டம் விலைக்கு வாங்கி, நுனியை விட்டு நடுவில் இரண்டு இஞ்சு துண்டு வெட்டினேன் (நுனி சீக்கிரம் காய்ந்துவிடும், ஏமாற்றும்). எடை 412 கிராம். பேக்கரி வைத்திருக்கும் நண்பன் அடுப்பில் நூறு டிகிரி அளவில் வைத்து, எடை குறைவது நிற்கும்வரை விட்டோம். 318 கிராமில் நின்றது. போன தண்ணீர் 94 கிராம், அதை 318ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 30 சதவீத ஈரம். நிலைக்கு 12லிருந்து 15க்குள் இருக்க வேண்டும். 30க்குக் கீழே இறங்கும்போதுதான் மரம் சுருங்கவே ஆரம்பிக்கும். என் நிலைகளும் இதே லட்சணத்தில் வந்திருந்தால், அவர் கடை நிழலில் சுருங்க வேண்டியதெல்லாம் என் சுவருக்குள் சுருங்கியிருக்கிறது. இதைத்தான் இன்றைக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். "சயின்ஸெல்லாம் எங்கிட்டப் பேசாதீங்க தம்பி, நாங்க மூணு தலைமுறையா மரம் விக்கோம்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு டம்ளரில் சீவல் போடப் போய்விட்டார். 48,000 ரூபாய்!

என்ன செய்யவேண்டும் என்று விவரமாக எழுதத்தான் ஆரம்பித்தேன், இப்போது மண்டை ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு. பிரைமர் அடித்த நிலையை இறக்கவே விடாதீர்கள், ஒன்றும் அடிக்காத வெறும் மரமாக வரட்டும், நாலு முகமும் பார்த்து வெள்ளை உள்ளதைத் திருப்பி அனுப்புங்கள். ஈரமானியோ எடைக் கணக்கோ, ஏதோ ஒன்றில் ஈரம் பாருங்கள். கொஞ்சம் வெள்ளை தவிர்க்க முடியாவிட்டால் போராக்ஸும் போரிக் ஆசிடும் கலந்த கரைசலில் ஊறவைக்கச் சொல்லுங்கள், பிரைமர் அடிப்பதற்கு முன்னால் செய்தால்தான் உள்ளே இறங்கும், மழையில் நனைந்தால் கரைந்து போய்விடும். காய்ந்த பிறகு முதுகுக்கும் கால் நுனிக்கும் தார். அப்புறம் பணத்தில் பாதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று பில்லை எடுத்துப் பார்த்தேன். "மரம் 13 க.அ." என்று மட்டும் எழுதியிருக்கிறது. வேங்கை என்றுகூட இல்லை.