லாங் ரன்னில் வயிறு கலக்கினால்: பத்தியமா, பழக்கமா?

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வரை எந்தத் தொந்தரவும் இருக்காது. அப்புறம் திடீரென்று அடிவயிறு இறுக்கும், அடுத்த சில நிமிடங்களில் டாய்லெட் எங்கே இருக்கிறது என்பதைத் தவிர வேறு நினைப்பே வராது. ஞாயிறு காலை ஈ.சி.ஆரில் ஓடுகிறவர்களிடம் இதைச் சொன்னால் மூன்று விதமான பதில் வரும்: வெறும் வயிற்றில் ஓடு, முந்தின நாள் சாப்பாட்டை மாற்று, ஓடும்போதே சாப்பிட்டுக் குடலைப் பழக்கு. மூன்றிலும் உண்மை இருக்கிறது, ஆனால் மூன்றும் ஒரே பிரச்சினைக்கான மருந்து இல்லை.

ஓட ஆரம்பித்ததும் ரத்தம் கால் தசைக்கும், வேர்த்துத் தள்ளுவதற்காகத் தோலுக்கும் திரும்பிவிடுகிறது. குடலுக்குப் போவது பாதிக்கும் கீழே இறங்கலாம், கடுமையான வேகத்தில் இன்னும் மோசமாகக் குறையும். அந்த நேரத்தில் செரிமானம் மந்தமாகிறது, சர்க்கரை உறிஞ்சப்படாமல் குடலிலேயே தங்கி, தன்னோடு தண்ணீரையும் இழுத்துக்கொள்கிறது. இதற்கு மேல் ஒவ்வொரு அடிக்கும் விழும் குலுக்கல் வேறு. வெயிலும் உடம்பில் தண்ணீர் குறைவதும் இதை இன்னும் கூட்டும். அதனால்தான் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டால் ஒன்றும் செய்யாத சுண்டல், ஓடும்போது ஆளைப் படுத்துகிறது.

வெறும் வயிறு ஒன்றரை மணி நேரம் வரை பலருக்குச் சரியாகவே வேலை செய்யும். முந்தின நாள் சாப்பிட்டது தசையில் சேமிப்பாக இருக்கும், மெதுவாக ஓடினால் அது போதும். ஆனால் முழு மராத்தானுக்குத் தயாராகிறவருக்கு இந்த வழி ஒரு கட்டத்துக்கு மேல் உதவாது. பயிற்சி முழுக்க எதையும் தொடாமல் ஓடிவிட்டு, போட்டியன்று பயத்தில், சின்னப் பாக்கெட்டில் வரும் கெட்டிச் சர்க்கரைப் பாகான ஜெல் மூன்றைப் பிழிந்து சாப்பிட்டால், அதுவரை அந்தச் சர்க்கரையைப் பார்த்தே இராத குடல் அதைத் தாங்காது.

அடுத்தது பத்தியம். சீக்கிரம் பலன் கொடுப்பது இதுதான், ஒரே வாரத்தில் வித்தியாசம் தெரியும். நம் சாப்பாட்டில் எதைப் பார்க்க வேண்டும் என்றால், முதலில் சனிக்கிழமை இரவுச் சாப்பாடு. சப்பாத்தியும் சன்னா மசாலாவும் ஆரோக்கியமான சாப்பாடுதான், ஆனால் கோதுமை, கொண்டைக்கடலை, வெங்காயம், பூண்டு நான்கிலும் சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாத மாவுச்சத்து இருக்கிறது. அது பெருங்குடலுக்குப் போய் நொதித்து வாயு உண்டாக்கும். மறுநாள் காலை பன்னிரண்டாவது கிலோமீட்டரில் தெரிவது பெரும்பாலும் இந்தச் சன்னாதான், பாவம் காலையில் சாப்பிட்ட வாழைப்பழத்தின் மேல் பழி போடுவோம்.

இரண்டாவது பால் காபி. இதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது: காஃபின் பெருங்குடலைத் தூண்டும், பால் சர்க்கரை ஒத்துக்கொள்ளாதவருக்குப் பாலே தனியாகக் கலக்கும். எது காரணம் என்று தெரிய, ஒரு வாரம் பால் இல்லாமல் கறுப்புக் காபி குடித்துப் பாருங்கள். தொல்லை போனால் பால்தான். காபி என்றாலே அவசரம் வருகிறவர் அதை விடவே தேவையில்லை, கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே குடித்து வீட்டிலேயே வேலையை முடித்துவிட்டுக் கிளம்பலாம். கடைசிப் பத்து நிமிடத்தில் குடித்துவிட்டு ஓடுவதுதான் ஆபத்து.

பத்தியம் என்றால் ஓடுவதற்கு முந்தின ஒரு நாள் மட்டும் போதும், முக்கியமாக அந்த மாலையும் இரவும். வெள்ளைச் சோறு, தெளிவான ரசம், உருளைக்கிழங்கு, இட்லிக்குச் சாம்பாருக்குப் பதில் கொஞ்சம் சர்க்கரை. எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம், கொழுப்பு வயிற்றை விட்டு இறங்க நேரமாகும். ஆனால் வாரம் முழுக்கப் பருப்பையும் கீரையையும் ஒதுக்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது, மற்ற நாட்களில் குடலுக்கு அந்த நார்ச்சத்து வேண்டும். ஒரே நேரத்தில் ஐந்தை நிறுத்தினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது, ஒவ்வொன்றாக நிறுத்துங்கள்.

பத்தியத்துக்கு எட்டாத இடம் ஒன்று இருக்கிறது: ஓடும்போதே உள்ளே போகும் சர்க்கரை. அதற்குப் பழக்கம்தான் வழி. வயிறு காலியாகும் வேகமும் குடல் சர்க்கரையை உறிஞ்சும் திறனும் பழகப் பழகக் கூடும். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ஓடும்போது திரும்பத் திரும்ப மாவுச்சத்து எடுத்துக்கொண்டவர்களுக்கு இரண்டே வாரத்தில் வயிற்றுத் தொல்லை குறைந்தது.

எப்படி ஆரம்பிப்பது? ஜனவரியில் முழு மராத்தான், ஐந்து மணி நேரத்தில் முடிக்கும் ஒருவரை வைத்துக்கொள்வோம். அவருக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை சர்க்கரை தேவைப்படும். அக்டோபரில் லாங் ரன்னில் நாற்பத்தைந்தாவது நிமிடத்தில் ஒரே ஒரு ஜெல், அதாவது ஏறக்குறைய 25 கிராம், கூடவே ஒரு டம்ளர் வெறும் தண்ணீர். இரண்டு மூன்று வாரம் அமைதியாகப் போனால், நாற்பது நிமிடத்துக்கு ஒன்று. அதுவும் ஒத்துக்கொண்டால் முப்பது நிமிடத்துக்கு ஒன்று, அத்துடன் மணிக்கு 50 கிராம் வந்துவிடுகிறது. எந்தப் படியில் வயிறு கலங்குகிறதோ, ஒரு படி இறங்கி இன்னும் இரண்டு வாரம் அங்கேயே இருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு லாங் ரன் மட்டும் போதாது, நடுவில் ஒரு சாதாரண ஓட்டத்திலும் இதே பழக்கத்தைச் செய்தால் சீக்கிரம் பிடிபடும்.

அறிகுறியையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மேல் வயிற்றில் தண்ணீர் தளும்புகிற மாதிரி, குமட்டலோடு இருந்தால் உள்ளே போனது வயிற்றை விட்டு இறங்கவில்லை, ஒரே மூச்சில் நிறைய குடித்திருப்பீர்கள், அல்லது வேகம் அதிகம். அடிவயிறு பிசைந்து அவசரம் வந்தால் சர்க்கரை மிகக் கெட்டியாகப் போயிருக்கலாம், அல்லது முந்தின நாள் சாப்பாடு. ஜெல்லைச் சாப்பிட்டுவிட்டு அதற்கு மேல் இனிப்பான ஸ்போர்ட்ஸ் ட்ரிங்க் குடிப்பது நிறையப் பேர் செய்வது, அது இரட்டைச் சுமை. மேல் வயிறோ அடிவயிறோ, எதுவானாலும் வேகத்தைக் குறைத்து ஐந்து நிமிடம் நடந்தால் ரத்தம் கொஞ்சம் குடலுக்குத் திரும்பும், பெரும்பாலும் அடங்கிவிடும்.

எதை வைத்துப் பழக்குவது என்பதில் என் தேர்வு குளுக்கோஸ் தண்ணீர். அரை லிட்டருக்கு 30 கிராம் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு. விலையும் குறைவு, நீர்த்து இருப்பதால் குடலுக்கும் எளிது, குறை என்னவென்றால் பாட்டிலைச் சுமக்க வேண்டும். ஜெல் கையில் பிடிக்கச் சுலபம், ஆனால் தண்ணீர் கிடைக்கும் இடத்தில்தான் அதைத் திறக்க வேண்டும். பேரீச்சம்பழம் இயற்கையானது என்று பலர் சொல்கிறார்கள், ஆனால் 30 கிராம் சர்க்கரைக்குச் சாதாரணப் பழம் ஐந்தாறு மெல்ல வேண்டும், நார்ச்சத்தும் கூடவே போகும். மெதுவாக ஓடுகிறவருக்குச் சரி, வேகமாக ஓடுகிறவருக்கு நான் சொல்லமாட்டேன். மணிக்கு 60 கிராமைத் தாண்ட நினைக்கிறவருக்குக் குளுக்கோஸ் மட்டும் போதாது, குடலில் அதற்கான வழி நிரம்பிவிடும். ஃப்ரக்டோஸ் வேறு வழியாக உறிஞ்சப்படுவதால் இரண்டும் கலந்த ஜெல் அங்கே பயன்படும்.

ஆக, ஹாஃப் மராத்தான் ஓடுகிறவர் பலருக்கு முந்தின நாள் பத்தியமே போதும். முழு மராத்தான் என்றால் இரண்டும் சேர்ந்துதான் வேண்டும், பழக்கத்தைப் போட்டிக்கு எட்டுப் பத்து வாரம் முன்னாலேயே தொடங்குங்கள். மூட்டு வலிக்கு என்று ஓடுவதற்கு முன் ஐபூப்ரோஃபென் போடுகிறவர்கள் அதை முதலில் நிறுத்த வேண்டும், குடல் சுவரை அது நேரடியாகப் பாதிக்கிறது. மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, ஓடாத நாட்களிலும் வயிற்றுப்போக்கு தொடர்ந்தாலோ, காரணம் இல்லாமல் எடை குறைந்தாலோ, ஜெல்லை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.