ஒழுங்கற்ற வருமானத்துக்கு வீட்டுக் கடன்: வரிக் கணக்கைக் காட்டுவதா, வங்கி இருப்பைக் காட்டுவதா?

சம்பளக்காரர் வீட்டுக் கடன் கேட்டால் சம்பளச் சீட்டும் படிவம் 16-உம் கொடுத்தால் போதும். தனியாகத் தொழில் செய்பவருக்கு அப்படி ஒற்றைத் தாள் கிடையாது. அவர் தன் வருமானத்தை எந்த வழியில் நிரூபிப்பது என்று முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தேர்வுதான் கடன் தொகையையும் வட்டியையும் முடிவு செய்கிறது. நான் கடன் விண்ணப்பக் கோப்புகளைத் தயார் செய்து கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். நல்ல வருமானம் உள்ளவர்கள்கூட வழியைத் தவறாகத் தேர்ந்தெடுத்து ஆண்டுக்கணக்கில் கூடுதல் வட்டி கட்டுவதைப் பார்த்து மனம் வெதும்பியிருக்கிறேன்.

சென்ற ஆண்டு புரட்டாசியில் கோவையிலிருந்து ஒரு பெண் வந்தார். வீட்டிலிருந்தே நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பவர். ஆண்டு வரவு சுமார் 14 லட்சம் ரூபாய். ஒரு மாதம் இரண்டரை லட்சம் வரும், அடுத்த இரண்டு மாதங்கள் ஒன்றும் வராது. 42 லட்சம் ரூபாய் அடுக்ககத்துக்கு 32 லட்சம் கடன் தேவைப்பட்டது. ஒரு வங்கி 25 லட்சத்து 70 ஆயிரத்துக்கு மேல் தர முடியாது என்றுவிட்டது. வேறொரு நிதி நிறுவனம் முழுத் தொகையையும் பதினொன்றரை சதவீத வட்டிக்குத் தர முன்வந்தது. வங்கி கேட்ட வட்டி ஒன்பது சதவீதம்.

ஒரே ஆளுக்கு இரண்டு விடைகள் கிடைத்ததற்குக் காரணம், வங்கி அவருடைய வருமான வரிக் கணக்கைப் பார்த்தது, நிதி நிறுவனம் வங்கி இருப்பைப் பார்த்தது.

வரிக் கணக்கு வழியை முதலில் எடுத்துக்கொள்வோம். அவர் முந்தைய இரண்டு ஆண்டுகளும் 1961 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவின்படி கணக்குத் தாக்கல் செய்திருந்தார். மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர், கட்டட வடிவமைப்பாளர், தகவல் தொழில்நுட்பத் தொழில் செய்பவர் போன்ற குறிப்பிட்ட சிலருக்கான பிரிவு அது. ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால், ரொக்க வரவு ஐந்து சதவீதத்தைத் தாண்டாதபோது 75 லட்சத்துக்குள் இருந்தால், செலவுக் கணக்கு எதுவும் காட்டாமல் வரவில் பாதியை லாபமாகக் காட்டலாம். 14 லட்சத்தில் பாதி, 7 லட்சம். அதைத்தான் இரண்டு ஆண்டும் காட்டியிருந்தார்.

வங்கி செய்த கணக்கு இதுதான். ஆண்டுக்கு 7 லட்சம் என்றால் மாதம் 58,333 ரூபாய். அதில் பாதி வரை தவணைக்குப் போகலாம் என்பது அந்த வங்கியின் அளவுகோல். சில இடங்களில் நாற்பது சதவீதம், சில இடங்களில் அறுபது. பாதி என்றால் 29,167. ஏற்கெனவே மடிக்கணினிக் கடனுக்கு மாதம் 6,000 போய்க்கொண்டிருந்தது. மீதி 23,167. ஒன்பது சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை ஏறக்குறைய 900 ரூபாய். ஆக, 25 லட்சத்து 70 ஆயிரம்.

“அண்ணா, வரி கட்டாமல் இருக்கத்தானே ஏழு என்று போட்டோம்” என்றார். அது அன்றைக்குச் சரியான கணக்குதான். 2024-25 நிதியாண்டில் புதிய வரி முறையில் 7 லட்சம் வரைதான் தள்ளுபடியால் வரி இல்லை. 11 லட்சம் காட்டியிருந்தால் 67,600 ரூபாய் வரி வந்திருக்கும். ஆனால் 2025-26 நிதியாண்டு முதல் அந்த வரம்பு 12 லட்சமாக உயர்ந்துவிட்டது. 7 காட்டினாலும் வரி இல்லை, 11 காட்டினாலும் வரி இல்லை. பழக்கத்தால் தொடர்ந்து பாதியையே காட்டுபவர்கள் ஒரு ரூபாய்கூட மிச்சப்படுத்தாமல் தங்கள் கடன் தகுதியைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

44ஏடிஏ பிரிவில் ஐம்பது சதவீதம் என்பது குறைந்தபட்சம். அதற்கு மேல் ஈட்டியிருந்தால் அந்தத் தொகையையே காட்டலாம் என்று பிரிவிலேயே இருக்கிறது. இந்தப் பெண்ணின் உண்மையான செலவு இணையக் கட்டணம், மென்பொருள் சந்தா, மின்சாரம், எப்போதாவது துணைக்கு அழைத்தவருக்குக் கொடுத்த கூலி எல்லாம் சேர்த்து 3 லட்சம்தான். உண்மை லாபம் 11 லட்சம். அதை அப்படியே காட்டுவதில் தயக்கத்துக்கு இடமில்லை. இல்லாத லாபத்தைக் கடனுக்காகக் காட்டுவதை நான் ஒருபோதும் சொல்வதில்லை. வங்கிக் கணக்கு வரவோடும் 26ஏஎஸ் படிவத்தில் தெரியும் டி.டி.எஸ். பிடித்தத்தோடும் அது ஒத்துப்போகாமல் எளிதில் வெளிப்பட்டுவிடும்.

இனி வங்கி இருப்பு வழி. இதில் வரிக் கணக்கில் காட்டிய லாபத்தை வைத்துத் தகுதியைக் கணக்கிடுவதில்லை. பன்னிரண்டு மாத வங்கி அறிக்கையை எடுத்து, ஒவ்வொரு மாதமும் 5, 15, 25 ஆகிய தேதிகளில் கணக்கில் எவ்வளவு பணம் இருந்தது என்று பார்த்துச் சராசரி எடுப்பார்கள். தேதிகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அந்தச் சராசரியை ஒன்றரை போன்ற ஓர் எண்ணால் வகுத்து வருவதுதான் நீங்கள் தாங்கக்கூடிய தவணை என்று எடுத்துக்கொள்வார்கள். பதினொன்றரை சதவீதத்தில் 32 லட்சத்துக்குத் தவணை சுமார் 34,100 ரூபாய். அதற்குச் சராசரி இருப்பு 51,000 ரூபாய்க்குச் சற்று மேல் வேண்டும். அவருக்கு 60,000 இருந்தது. அதனால்தான் அந்த நிறுவனம் உடனே சம்மதித்தது.

இந்த வழி ஒழுங்கற்ற வருமானத்துக்கு ஏற்றது போலத் தோன்றும். உண்மையில் இது பணம் ஈட்டும் திறனை அளப்பதில்லை, பணத்தைக் கணக்கில் விட்டுவைக்கும் பழக்கத்தை அளக்கிறது. கட்டணம் 7 ஆம் தேதி வந்து, நீங்கள் பொறுப்பாக 12 ஆம் தேதி அதை வைப்பு நிதிக்கு மாற்றிவிட்டால், 5-உம் 15-உம் 25-உம் அந்தப் பணத்தைப் பார்க்கவே இல்லை. சிக்கனமானவருக்கு மதிப்பெண் குறைந்துபோகிறது. இதைத் தெரிந்துகொண்டு நண்பரிடம் வாங்கி 4 ஆம் தேதி போட்டு 6 ஆம் தேதி எடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரே பெயரில் போய்வரும் தொகைகளை அறிக்கையை அலசுபவர்கள் கழித்துவிடுவார்கள், கோப்பின் மீதான நம்பிக்கையும் போய்விடும். திரும்பிய காசோலை ஒன்றிரண்டு இருந்தாலே இந்த வழி அடைபட்டுவிடக்கூடும். வரிக் கணக்கு வழியிலும் அது குறைதான், ஆனால் காரணம் சொல்லி விளக்க அங்கே ஓரளவு இடம் உண்டு.

விலை வித்தியாசத்தைப் பாருங்கள். ஒன்பது சதவீதத்தில் 32 லட்சத்துக்குத் தவணை 28,800. மற்றதில் 34,100. மாதம் 5,300 கூடுதல், ஆண்டுக்கு 63,600. வேலை இல்லாத மாதங்கள் உள்ளவருக்கு இந்தக் கூடுதல் சுமை சிறியதன்று.

“இப்போதைக்கு அதிக வட்டிக்கு எடுத்துவிட்டு, பிறகு வங்கிக்கு மாற்றிக்கொள்ளலாமே?” என்று அவர் கேட்டார். முடியும். தனிநபர் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைப்பதற்கு அபராதம் கிடையாது. ஆனால் புதிய வங்கியின் பரிசீலனைக் கட்டணம், சட்டக் கருத்து, மதிப்பீடு, ஆவண ஒப்படைப்பை மறுபடி பதிவு செய்யும் செலவு எல்லாம் இரண்டாம் முறை வரும். விற்பவர் காத்திருக்க மறுத்தால் மட்டும் இது நியாயமான ஏற்பாடு. அப்போதும் கடன் மாறும் வட்டிதானா என்று ஒப்பந்தத்தில் படித்துப் பார்க்க வேண்டும்.

வேறு இரண்டு வழிகளையும் சிலர் சொல்வார்கள். ஆடிட்டரிடம் வருமானச் சான்றிதழ் வாங்குவது ஒன்று. தாக்கல் செய்த கணக்கு பின்னால் இல்லாவிட்டால் அதற்கு மதிப்பு மிகக் குறைவு. சம்பளக்காரக் கணவரையோ தந்தையையோ இணை விண்ணப்பதாரராகச் சேர்ப்பது மற்றொன்று. இது நன்றாகவே வேலை செய்யும், ஆனால் முழுக் கடனும் அவர் தலையிலும் ஏறுகிறது. நாளை அவர் தனக்கென்று கடன் கேட்டால் இந்தத் தவணை குறுக்கே நிற்கும்.

விற்பவர் ஒன்பது மாதம் பொறுக்கத் தயாராக இருந்ததால், காத்திருந்து வரிக் கணக்கு வழியிலேயே போவோம் என்றேன். ஆனால் ஒரு சிக்கல் மீதமிருந்தது. வங்கிகள் இரண்டு ஆண்டுகளின் சராசரியைப் பார்க்கும். 7-உம் 11-உம் சேர்ந்தால் சராசரி 9 லட்சம், கடன் 35 லட்சம். ஆனால் ஒரே ஆண்டில் இவ்வளவு ஏற்றத்தைச் சில வங்கிகள் முழுமையாக ஏற்பதில்லை. முந்தைய ஆண்டைவிட 25 சதவீதம் வரைதான் உயர்வை எடுத்துக்கொள்வோம் என்பார்கள். அப்படியானால் 11 லட்சம் 8 லட்சத்து 75 ஆயிரமாகச் சுருங்கும், சராசரி 7,87,500. மாதத்துக்கு 65,625, அதில் பாதி 32,812, மடிக்கணினித் தவணை போக 26,812. கடன் 29 லட்சத்து 80 ஆயிரம்தான். இரண்டு லட்சம் துண்டு விழுகிறது.

விடை அந்த மடிக்கணினியில் இருந்தது. தை மாதத்தில் அதில் மீதி ஒன்பது தவணைகள் இருக்கும், 54,000 ரூபாய். அதை அடைத்துவிட்டால் முழு 32,812 ரூபாயும் வீட்டுத் தவணைக்கு வரும், தகுதி 36 லட்சத்தைத் தாண்டும். 54,000 ரூபாய் செலவில் ஆறரை லட்சத்துக்கு மேல் கடன் தகுதி கூடுகிறது. ஐம்பது கோப்புகளில் நாற்பதில் இப்படி ஒரு சிறு தவணை ஒளிந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அவர் தை மாதத்தில் மடிக்கணினிக் கடனை அடைத்து, கடன் முடிந்ததற்கான கடிதம் வாங்கி, சிபில் அறிக்கையில் அது மூடப்பட்டதாக ஏறிவிட்டதா என்று பார்த்துக்கொண்டார். நிதியாண்டு முடிந்ததும் 11 லட்சம் லாபம் காட்டிக் கணக்குத் தாக்கல் செய்தார். லாபம் ஏன் உயர்ந்தது என்று வங்கி கேட்கும் என்பதால், வரவு அதே 14 லட்சம்தான், முன்பு பிரிவு அனுமதித்த குறைந்தபட்சத்தைக் காட்டினோம், இப்போது உண்மைச் செலவைக் கழித்துக் காட்டுகிறோம் என்று ஒரு பக்கத்தில் எழுதி, செலவு ரசீதுகளின் பட்டியலையும், ஒவ்வொரு வாடிக்கையாளரும் மூன்று ஆண்டுகளில் கொடுத்த தொகையையும் இணைத்தோம். வேலை இல்லாத மாதங்களை மறைக்கவில்லை. அந்த மாதங்களுக்கு எதிரே வைப்பு நிதி இருப்பை எழுதி, ஆறு தவணைக்கான பணம் எப்போதும் அங்கே இருப்பதைக் காட்டினோம்.

கிளை மேலாளர் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் படித்தார். உயர்வை 25 சதவீதத்துக்குள்தான் எடுத்துக்கொண்டார், நாங்கள் எதிர்பார்த்தபடியே. 32 லட்சம், ஒன்பது சதவீதம், இணை விண்ணப்பதாரர் இல்லாமல் அனுமதி கிடைத்தது.