கல்லீரல் ஸ்கேனில் சிரோசிஸ்: மேற்பரப்பு, உள்தன்மை, போர்ட்டல் அழுத்தம் – எதை நம்புவது?

கல்லீரல் தழும்பேறி இறுகிப்போவதுதான் சிரோசிஸ். வயிற்று ஸ்கேனில் அப்படி எழுத மூன்று வகைத் தடயங்கள் உண்டு. கல்லீரலின் மேற்பரப்பு முண்டும் முடிச்சுமாக இருப்பது ஒன்று. உள்ளே திசு கரடுமுரடாகத் தெரிவது இன்னொன்று. குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் ரத்தக்குழாயில் அழுத்தம் கூடியதன் அடையாளங்கள் மூன்றாவது. இந்த மூன்றும் சமமான சாட்சிகள் அல்ல. ஆனால் மதுரைச் சுற்று வட்டாரத்து ஸ்கேன் சென்டர்களில் எழுதப்படும் ரிப்போர்ட்டுகளில் அதிகம் புழங்குவது, மூன்றிலும் பலவீனமான அந்த இரண்டாவதுதான்.

அதை முதலில் பார்த்துவிடலாம். 'கோர்ஸ் எக்கோடெக்ஸ்சர்' என்று ரிப்போர்ட்டில் வருவது இதுதான். நல்ல கல்லீரல் திரையில் மைதா போல சீராக இருக்கும். தழும்பேறியது ரவை போலத் திரிதிரியாகத் தெரியும். சொல்ல எளிது. ஆனால் படத்தின் வெளிச்சத்தை மாற்றும் கெயினைச் சற்று கூட்டினால் நல்ல கல்லீரலும் ரவையாகிவிடும். மெஷின் மாறினால் படம் மாறும், பார்ப்பவர் மாறினால் முடிவே மாறும். கொழுப்புக் கல்லீரல் இந்தக் குழப்பத்தைக் கூட்டுகிறது. கொழுப்பு படிந்தால் கல்லீரல் பக்கத்துச் சிறுநீரகத்தைவிட வெளுத்துத் தெரியும், ஆழத்தில் உதரவிதானக் கோடு மங்கிப்போகும். வெளுப்பு வேறு, கரடு வேறு. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கும்போது பிரித்துச் சொல்வது அனுபவசாலிக்கும் சிரமம். ஆகவே உள்தன்மையை மட்டும் வைத்து ஒருவருக்குச் சிரோசிஸ் பட்டம் கட்டக் கூடாது என்பது என் கட்சி.

மேற்பரப்புக்கு வருவோம். எனக்கு இதுதான் முதல் சாட்சி. பலர் இதைத் தவறவிடக் காரணம் ஒன்றுதான்: வயிற்றுக்கு வழக்கமாக வைக்கும் வளைந்த புரோபோடு நிறுத்திவிடுகிறார்கள். அதன் அதிர்வெண் 3.5 மெகாஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். ஆழம் தெரியும், ஆனால் தோலுக்குக் கீழே 2 சென்டிமீட்டரில் இருக்கும் கல்லீரலின் மெல்லிய உறை கலங்கிப்போகும். தைராய்டுக்கும் கால் ரத்தநாளத்துக்கும் எடுக்கும் நேர்புரோபை எடுங்கள். 7 முதல் 12 மெகாஹெர்ட்ஸ் போதும். ஆழத்தை 4, 5 சென்டிமீட்டருக்குக் குறைத்து, ஃபோகஸை உறையின் மட்டத்தில் நிறுத்துங்கள். நெஞ்செலும்புக்குக் கீழே நீளவாக்கில் வைத்து, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னால் இடது மடல் கீழே இறங்கி வந்து நிற்கும். உறை ஒரே வெள்ளைக் கோடாக ஓடுகிறதா, இல்லை விட்டுவிட்டு மேடு பள்ளமாகப் போகிறதா என்று பார்க்க அரை நிமிடம் ஆகாது. வலது மடலில் பார்த்தால் உதரவிதானத் தசை மடிப்புகள் அழுத்திய பள்ளங்களே முடிச்சு போல ஏமாற்றும். அதனால்தான் இடது மடல். வயிற்றில் நீர் இருந்தால் வேலை இன்னும் சுலபம். நீருக்கு எதிரே உறை பளிச்சென்று தெரியும்.

இந்தச் சாட்சிக்கும் ஓட்டை உண்டு. சாராயத்தால் வரும் சிரோசிஸில் முடிச்சுகள் பெரும்பாலும் 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. அவை கோட்டைக் கலைக்காமலே தப்பிவிடலாம். எதிர்ப்பக்கமும் உண்டு: மார்பகப் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவி, கீமோ முடிந்தவர்களிடம் கல்லீரல் சுருங்கி அச்சு அசலாகச் சிரோசிஸ் போலவே முண்டு முண்டாகத் தெரியும். பழைய ஃபைலைக் கேட்டு வாங்கிப் பார்க்காமல் ரிப்போர்ட் எழுதினால் இங்கேதான் சறுக்கும்.

மூன்றாவது வகை, போர்ட்டல் அழுத்தம். மண்ணீரல் 12, 13 சென்டிமீட்டரைத் தாண்டுவது, போர்ட்டல் குழாய் 13 மில்லிமீட்டருக்கு மேல் விரிவது, வயிற்றில் நீர், மாற்றுவழி ரத்தக்குழாய்கள். போர்ட்டல் குழாயை வெறும் வயிற்றில், சாதாரண மூச்சில், அது கீழ்ப்பெருஞ்சிரையைக் கடக்கும் இடத்தில் அளக்க வேண்டும். சாப்பிட்டால் குடலிலிருந்து வரும் ரத்தம் கூடி அளவு மாறிவிடும். "ஒரு டீ மட்டும்தான் குடிச்சேன் டாக்டர்" என்பவர்கள் நம்மூரில் அதிகம். பால் டீ பித்தப்பையையும் சுருக்கிவிடும் என்பது தனிக் கதை.

இந்த அடையாளங்கள் பதில் சொல்லும் கேள்வியே வேறு. 'அழுத்தம் கூடியிருக்கிறதா' என்பதற்கு இவை நல்ல பதில். 'கல்லீரல் சிரோசிஸா' என்பதற்கு அல்ல. இரண்டு பேரைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால் புரியும்.

முதலாமவர் உசிலம்பட்டிப் பக்கம், செங்கல் சூளை வேலை, 50 வயதைத் தாண்டியவர், பல வருடக் குடி. முதல் ரிப்போர்ட்: கொழுப்புக் கல்லீரல், கரடான உள்தன்மை, மண்ணீரல் 13.5 சென்டிமீட்டர், போர்ட்டல் குழாய் 12 மில்லிமீட்டர். அழுத்தம் இல்லை என்று முடித்திருந்தார்கள். நேர்புரோப் வைத்ததும் இடது மடல் உறையில் வரிசையாக மேடுகள். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரில் இன்னொன்றும் தெரிந்தது: இடது போர்ட்டல் கிளையிலிருந்து தொப்புள் நோக்கி 4 மில்லிமீட்டரில் ஒரு குழாய், ரத்தம் கல்லீரலைவிட்டு வெளியே ஓடுகிறது. பிறந்த பிறகு மூடிக்கிடக்க வேண்டிய வழி, அழுத்தம் தாங்காமல் திறந்திருக்கிறது. போர்ட்டல் குழாய் 12-லேயே நின்றதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வடிகால் கிடைத்தால் குழாய் விரிய வேண்டிய அவசியம் குறையலாம். 13-க்குக் கீழே என்ற ஒற்றை எண்ணை வைத்து அழுத்தம் இல்லை என்று சொன்னது அங்கே பிசகியது. ரத்தத் தட்டணு 92,000-க்கு இறங்கியிருந்தது. எண்டோஸ்கோபியில் உணவுக்குழாயில் வீங்கிய நாளங்கள் இருந்தன.

இரண்டாமவர் மேலூர்ப் பக்கத்து இளம்பெண், 25 வயதை ஒட்டியவர். ரத்த வாந்தி எடுத்து வந்தவர். மண்ணீரல் 19 சென்டிமீட்டர், தட்டணு 60,000. அழுத்த அடையாளங்களில் முதலாமவரைவிட இவருக்குத்தான் அதிகம். ஆனால் நேர்புரோபில் உறை வழவழப்பான ஒரே கோடு. கல்லீரல் வாசலில் போர்ட்டல் குழாய் இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லை. புழுக்கள் பின்னியது போல் சிறு குழாய்களின் கொத்து. இது கல்லீரலுக்கு வெளியே போர்ட்டல் குழாய் அடைபட்ட நோய். தொப்புள் வழிக் குழாய் இவரிடம் திறந்திருக்கவில்லை, திறக்கவும் வாய்ப்பில்லை; அது கிளம்பும் இடம் அடைப்புக்கு அப்பால் இருக்கிறது. மருத்துவமும் வேறு, வருங்காலமும் வேறு. மண்ணீரலை மட்டும் பார்த்துச் சிரோசிஸ் என்று எழுதியிருந்தால், சொட்டுச் சாராயம் தொடாத பெண்ணை ஊரே கேள்வி கேட்டிருக்கும்.

நம் நாட்டில் இன்னொரு வகையும் உண்டு: போர்ட்டல் குழாய் திறந்தே இருக்கும், அதன் சுவர் தடித்து வெளுத்திருக்கும், மண்ணீரல் மிகப் பெரிது, மேற்பரப்பு பெரும்பாலும் வழவழப்பு. சிரோசிஸ் இல்லாத போர்ட்டல் ஃபைப்ரோசிஸ் என்பார்கள். அங்கேயும் உறைக்கோடுதான் முதல் சந்தேகத்தை எழுப்பும்.

ஆகவே நான் பார்க்கும் வரிசை: உறை முதலில், டாப்ளர் அடுத்து, உள்தன்மை கடைசி. உறை முடிச்சாக இருந்து, தொப்புள் வழிக் குழாயும் திறந்திருந்தால் தயங்காமல் எழுதலாம். உறை வழவழப்பு, மண்ணீரல் பெரிது என்றால் போர்ட்டல் குழாயைத் தேடிப் பிடிக்காமல் புரோபைக் கீழே வைக்கக் கூடாது. உள்தன்மை மட்டும் கரடு, மற்றதெல்லாம் சரி என்றால் சிரோசிஸ் என்ற சொல்லையே ரிப்போர்ட்டில் போடாமல், கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனும் தட்டணு எண்ணிக்கையும் பார்க்கச் சொல்லி எழுதுவேன். ஆரம்பநிலைச் சிரோசிஸில் ஸ்கேன் முழுக்க இயல்பாகவே இருக்க முடியும். ஃபைப்ரோஸ்கேன் 20 கிலோபாஸ்கலுக்குக் கீழும், தட்டணு 1,50,000-க்கு மேலும் இருந்தால் உடனே எண்டோஸ்கோபி தேவையில்லை என்பது 2015-இல் போர்ட்டல் அழுத்த நிபுணர்கள் கூடும் பவேனோ கூட்டத்தில் வகுத்த விதி. 25 கிலோபாஸ்கலை எட்டினால் அழுத்தம் கூடியிருப்பதாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று 2021-இல் சேர்த்தார்கள். இந்த அளவுகள் சிரோசிஸ் பக்கத்து ஆட்களுக்கு. மேலூர்ப் பெண்ணைப் போன்றவர்களுக்கு இவை பொருந்தாது. அவர்களுடைய கல்லீரல் கிட்டத்தட்ட மென்மையாகவே இருக்கும், ஆனால் ரத்த வாந்தி வரும்.