கைதட்டலா, டைம்கோடா: இரண்டு கேமரா நேர்காணலுக்கு எது போதும்?

ஒருவரை எதிரில் அமர்த்தி, அருகிலிருந்து ஒரு கேமராவும் அகலக் காட்சிக்கு இன்னொன்றுமாக, தனி ரெக்கார்டரில் ஒலியைப் பதிந்தபடி எழுபது நிமிடம் உரையாடுவதாக வைத்துக்கொள்வோம். இந்த மூன்று பதிவுகளையும் எடிட்டிங்கில் ஒரே நேரக்கோட்டில் நிறுத்த இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எல்லாக் கருவிகளும் ஓடத் தொடங்கியபின் கிளாப் பலகையையோ உள்ளங்கைகளையோ ஒருமுறை தட்டுவது. மற்றொன்று, ஒவ்வொரு கருவியிலும் ஒரு டைம்கோடு பெட்டியைப் பொருத்தி, அனைத்துக்கும் ஒரே கடிகார நேரத்தை ஊட்டுவது. எதைத் தேர்வது என்பதைப் பேட்டியின் நீளத்தைப் பார்த்தே பலரும் முடிவு செய்கிறார்கள். கேமரா எத்தனை முறை நின்று மீண்டும் ஓடும் என்பதைப் பார்த்து முடிவு செய்வதே சரி என்பது என் கருத்து.

துல்லியத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் 40 மில்லிநொடி. பலகை மூடும் கணம் இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவிலும் விழலாம் என்பதால், கண்ணால் பார்த்துப் பொருத்தும்போது ஒரு ஃபிரேம் வரை பிசகலாம். டைம்கோடும் ஃபிரேம் கணக்கில்தான் எண்ணுகிறது. ஒலியலையை வைத்துப் பொருத்துவோர் தூரத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்வதால், ஏழு மீட்டர் பின்னால் நிற்கும் அகலக் காட்சிக் கேமராவின் மைக்கில் தட்டல் அரை ஃபிரேம் தாமதமாகவே பதியும். சாதாரண அறையில் இது பொருட்டல்ல; பெரிய அரங்கில் பொருட்டாகும்.

உண்மையான வேறுபாடு பதிவு அறுபடும்போதுதான் தெரியும். பழைய கேமராக்கள் பல 29 நிமிடம் 59 நொடியில் தாமாகவே பதிவை நிறுத்திவிடும். சில சூடேறி நிற்கும். நம் எடுத்துக்காட்டில் அகலக் கேமரா அப்படி நின்று, ஒரு நிமிடம் கழித்து யாரோ கவனித்து மறுபடி ஓடவிட்டால், அந்த இரண்டாம் கோப்பில் தட்டல் இல்லை. பேசிக்கொண்டிருப்பவரை நிறுத்திவிட்டுத் தட்டுவதும் அழகல்ல. கேமராவின் சொந்த மைக் ஓரளவு நன்றாகக் கேட்டிருந்தால் ஒலியலையை ஒப்பிட்டு மென்பொருளே பொருத்திவிடும். மின்விசிறி இரைச்சலில் பேச்சு மூழ்கியிருந்தால் உதட்டசைவைப் பார்த்துத் தேட வேண்டியதுதான். டைம்கோடு இருந்தால் இந்தச் சிக்கலே எழாது. எத்தனை துண்டுகளானாலும் ஒவ்வொன்றும் தன் இடத்தில் தானே போய் அமரும்.

ஆனால் டைம்கோடு பழுதாகும் விதம் வேறு. டைம்கோடு உள்ளீடு இல்லாத கேமராக்களில் அது மைக் துளை வழியாக ஒரு கீச்சொலியாக ஓர் ஒலித்தடத்தில் பதிகிறது. பின்னர் டாவின்சி ரிசால்வ் போன்ற மென்பொருளில் "Update Timecode from Audio Track" என்று கட்டளையிட்டு அதைப் படிக்க வைக்கிறோம். பெட்டியின் வெளியீடு மைக் அளவில் இல்லாமல் லைன் அளவில் இருந்தாலோ, கேமராவின் தானியங்கி ஒலியளவு இயங்கிக்கொண்டிருந்தாலோ, அந்த ஒலி சிதைந்து மென்பொருளால் படிக்க முடியாமல் போகலாம். பெட்டி 24 ஃபிரேமிலும் கேமரா 25 ஃபிரேமிலும் இருந்தால் எண்கள் வரும், ஆனால் பொருந்தாது. தட்டல் தவறினால் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். டைம்கோடு தவறினால் வீடு திரும்பியபின்தான் தெரியும். ஆகவே, முதல் பதிவை ஹெட்ஃபோனில் கேட்டு, கீச்சொலி ஒரு தடத்தில் மட்டும், சீராக இருப்பதை உறுதி செய்துகொள்வது அவசியம்.

இரண்டுமே தீர்க்காத ஒன்றும் உண்டு. டைம்கோடு பெட்டிகள் தமக்குள் ஒத்து ஓடினாலும், கேமராவின் உள் கடிகாரத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. தனிக் கோப்பில் அவை குறிப்பது தொடக்க நேரத்தைத்தான். அறுபது நிமிடம் இடைவிடாமல் ஓடிய அருகு கேமராவின் படம், தொடக்கத்தில் ரெக்கார்டருடன் சரியாகப் பொருந்தியும், முடிவில் மூன்று ஃபிரேம் பின்தங்கியிருக்கலாம். அது 120 மில்லிநொடி, பத்து இலட்சத்தில் 33 பங்கு பிழை. கடிகாரப் படிகத்துக்கு அது அதிசயமல்ல. கண்டுபிடிக்க எளிய வழி, முடிவிலும் ஒருமுறை தட்டுவது. படப்பிடிப்பில் பலகையைத் தலைகீழாகப் பிடித்து முடிவுத் தட்டல் என்று காட்டுவார்கள். படத்தின் வேகத்தை 100.0033 விழுக்காடாக மாற்றுவதைவிட, ஏறத்தாழ இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கேள்வி மாறும் இடத்தில் படத்தை வெட்டி ஒரு ஃபிரேம் நகர்த்துவதே எளிது. அடுத்த கேமராவுக்குக் காட்சி மாறும் இடத்தில் வெட்டினால் யாருக்கும் தெரியாது.

இடைநிற்காத கேமராக்கள் இரண்டும் ஒரே அறையில் இருந்தால், இரு முனைத் தட்டலுக்கு மேல் செலவழிக்கக் காரணமில்லை என்பேன். மூன்றாவது கேமரா சேர்ந்தாலோ, நடந்து பேசும் பகுதிகளுக்காக அடிக்கடி நிறுத்தி எடுத்தாலோ டைம்கோடு பெட்டிகள் தம் வாடகையை முதல் நாளே ஈடுகட்டிவிடும். அப்போதும் முடிவுத் தட்டலை விட்டுவிடக் கூடாது; டைம்கோடு சொல்வது சரிதானா என்பதைச் சோதிக்க வேறு சாட்சி கோப்பில் இராது.