25ஆ 30ஆ? ஒரு கரைவலைப் படத்தின் கணக்கு

திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பற்றி ஒரு பத்து நிமிடப் படம். அகலமான பதிப்பு தொலைக்காட்சிக்கு, நிமிர்ந்த பதிப்பு போனுக்கு. கமராக்காரத் தம்பியோடு முதல் இழுபறியே நொடிக்கு எத்தனை பிரேம் என்பதில்தான். "30இல எடுப்பம் அண்ணை, போன்ல வடிவா ஓடும்" என்றான்.

அவன் சொன்னது பிழையில்லை. பல போன் திரைகள் நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்படும். 30 பிரேமில் எடுத்தால் ஒவ்வொன்றும் சரியாக இரண்டு தடவை வரும். 25 என்றால் சிலது இரண்டு தடவை, சிலது மூன்று தடவை. கமராவை மெல்லப் பக்கவாட்டில் திருப்பும் இடங்களில் ஒரு சின்னத் தயக்கம் தெரியும்.

ஆனால் நம் நாட்டுத் தொலைக்காட்சி 25இன் வழி வந்தது. 30ஐ 25 ஆக்க ஆறில் ஒரு பிரேமை எறிய வேண்டும். நொடிக்கு ஐந்து தரம் அசைவு துள்ளும். கோட்டைப் பக்கம் திரியும் மான் ஒன்று குறுக்கே ஓடியதை இரண்டு விதமாகவும் எடுத்துப் பார்த்தோம். 30இலிருந்து மாற்றியதில் மான் விக்கி விக்கி ஓடியது. பிரேம்களைக் கலந்து மாற்றச் சொன்னால் மானுக்கு எட்டுக் கால்! 25இல் எடுத்ததைப் போனில் காட்டியபோது வீட்டில் ஒருவரும் குறை சொல்லவில்லை. இரண்டு திரைக்கும் ஒரே படம் என்றால் எனக்கு 25தான். போனுக்கு மட்டும் என்றால் தம்பி சொன்னதே சரி.

விடியற்காலை மீன் சந்தையில் இன்னொரு சிக்கல் வந்தது. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ்; பழைய ரியூப் லைட் நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். 30 பிரேமுக்கு வழக்கமாக வைக்கும் 1/60 நொடி ஷட்டரில் சுவரில் கறுப்புப் பட்டைகள் ஊர்ந்தன. 1/50 வைத்ததும் போய்விட்டன. 25க்கு வழக்கமான ஷட்டரே 1/50 என்பதால் அங்கே இதை நினைக்கவே தேவையில்லை. 30இல் எடுப்பவர்கள் கையால் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். ஐபோனில் 25 காணவில்லை என்றால் கமரா அமைப்புகளில் Show PAL Formats என்பதைத் திறந்துவிடுங்கள்.

தெளிவுத்திறனில் 4கேயா 1080ஆ என்ற கேள்விக்குத் தொலைக்காட்சி காரணமில்லை. அதற்கு 1080 பதிப்புத்தான் கொடுத்தோம். நிமிர்ந்த பதிப்புத்தான் முடிவைச் சொன்னது. 1080இல் எடுத்த அகலப் படத்திலிருந்து நிமிர்ந்த துண்டை வெட்டினால் அகலம் 607 பிக்சல்தான் மிஞ்சும்; அதை 1080க்கு இழுத்தால் வலைக் கண்ணி எல்லாம் கஞ்சி. 4கேயில் வெட்டினால் 1215 கிடைக்கும், சுருக்கத்தான் வேண்டும். ஆனால் கயிறு இழுக்கும் இருபது பேரும் அந்த ஒடுங்கிய துண்டுக்குள் வரமாட்டார்கள். அதனால் முன்னால் நிற்கும் பெரியவரை நடுவில் வைத்தே எடுத்தோம், மற்றவர்கள் தொலைக்காட்சிக்காரருக்கு.