சீலிங்கில் எத்தனை பாகை குறைந்தது: அலுமினியத் தாளும் கூரைவிசிறியும் மூன்று கோடைகளில்

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கில், ரப்பர்த் தோட்டமும் செம்பனைத் தோட்டமும் சூழ்ந்த ஒரு குடியிருப்பில், ஒற்றை மாடி வரிசை வீடு ஒன்றில் வசிக்கிறோம். கூரை சிமெண்டு ஓடு, கைமரங்கள் மரத்தாலானவை, சீலிங் மெல்லிய சிமெண்டுப் பலகை, அதன் மேல் பஞ்சோ வேறு காப்புப் பொருளோ கிடையாது. வடக்கு மாநிலங்களில் மழை குறையும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் படுக்கையறையில் படுத்தால், காற்றாடி முழு வேகத்தில் சுற்றினாலும் முகத்துக்கு நேர் மேலே அடுப்பு ஒன்றைக் கவிழ்த்து வைத்தது போல் இருக்கும். அதைத் தணிக்க முதலில், ஓட்டுக்கும் சீலிங்குக்கும் இடையிலுள்ள கூரைவெளியின் சூடான காற்றை வெளியேற்ற ஒரு விசிறியும், ஓர் ஆண்டு கழித்து அலுமினியத் தாளும் போட்டோம். இரண்டுக்கும் முன்னும் பின்னும் எழுதி வைத்த அளவுகளிலிருந்து இதை எழுதுகிறேன்.

விசிறியை விற்றவர் "பத்துப் பாகை குறையும்" என்றார். அது பொய் அன்று. எந்த இடத்தின் வெப்பம் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கூரை தொடர்பாக மூன்று வெவ்வேறு வெப்பநிலைகள் உண்டு: ஓட்டின் அடிப்புறம், கூரைவெளியில் உள்ள காற்று, சீலிங்கின் அடிப்புறம். கட்டிலில் படுத்திருப்பவரைச் சுடுவது மூன்றாவது. விளம்பரங்களில் பெரும்பாலும் வருவது இரண்டாவது.

2022 மார்ச்சில், மேகமில்லாத ஒன்பது நாட்களில், பிற்பகல் மூன்று மணிக்கு எடுத்த அளவுகளின் சராசரி இது: ஓட்டின் அடிப்புறம் 50 பாகை செல்சியஸ், கூரைவெளிக் காற்று 44, சீலிங்கின் அடிப்புறம் 41, அறைக் காற்று 33. வெளியே நிழலில் 34 பாகை இருந்த நாட்களை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொண்டேன். மேகம் மூடிய நாளையும் வெயில் கொளுத்திய நாளையும் ஒப்பிட்டால் எந்தப் பொருளுக்கும் நற்சான்றிதழ் கொடுத்துவிடலாம்.

மார்ச் இறுதியில், முகட்டுக்குச் சற்றுக் கீழே, சூரிய ஒளியில் ஓடும் விசிறி ஒன்றைப் பொருத்தினார்கள். கருவியும் கூலியும் சேர்த்து 1,400 ரிங்கிட். நிமிடத்துக்கு 900 கன அடி காற்றை வெளியேற்றும் என்று அட்டையில் எழுதியிருந்தது. அடுத்த கோடையில் அதே மாதிரியான நாட்களில் அளந்தபோது கூரைவெளிக் காற்று 44-இலிருந்து 38-க்கு இறங்கியிருந்தது, ஆறு பாகை. தலையைச் சீலிங் துவாரத்துக்குள் நீட்டினாலே வித்தியாசம் தெரிந்தது. ஆனால் சீலிங் 41-இலிருந்து 39.8-க்குத்தான் வந்திருந்தது. ஒரு பாகையைக் கொஞ்சம் தாண்டிய மாற்றம். படுத்தால் உணர முடியாத மாற்றம்.

இதற்கான காரணத்தை விளங்கிக்கொள்ள எனக்குச் சில நாட்கள் ஆயின. சூடான காற்று மேலே தங்கும், குளிர்ந்த காற்று கீழே தங்கும். கூரைவெளியில் சூடான பக்கம் மேலே ஓட்டில் இருப்பதால், அங்குள்ள காற்று அடுக்கடுக்காக அசையாமல் நிற்கிறதே தவிர, வெப்பத்தைக் கீழே சீலிங்குக்கு அதிகம் சுமந்து வருவதில்லை. ஓட்டின் வெப்பத்தில் பெரும்பகுதி காற்றைப் பொருட்படுத்தாமல், கதிர்வீச்சாக நேரே சீலிங்கில் விழுகிறது. 50 பாகை ஓட்டுக்கும் 41 பாகை சீலிங்குக்கும் இடையில் இப்படிப் பாயும் வெப்பம், ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 54 வாட் என்று கணக்கு வருகிறது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டடி அறையின் பரப்பு 13.4 சதுர மீட்டர். ஆகவே அந்த ஓர் அறைக்கு மேல் மட்டும் ஏறத்தாழ 720 வாட். காற்றின் வழியாக வருவது இதே அறைக்கு 40 வாட் அளவில்தான். விசிறி சண்டையிட்டது அந்த 40 வாட்டோடு. 720 வாட்டை அது தொடவே இல்லை. ஓடும் சற்றே குளிர்ந்ததால்தான் அந்த ஒரு பாகையாவது கிடைத்தது.

விசிறியில் இன்னொரு சிக்கலும் இருந்தது. படுக்கையறையில் குளிர்சாதனம் ஓடும்போது அறை குளிர முன்பைவிட நேரமாவதாக மனைவி சொன்னார். சாம்பிராணிப் புகையைச் சீலிங்கில் பதித்த விளக்கின் ஓரமாகப் பிடித்துப் பார்த்தோம்; புகை கோடு போட்டது போல் விளக்குத் துவாரத்துக்குள் மேலேறியது. விசிறி தேடிய காற்று இறவாரத்தின் வழியாகக் கிடைக்காததால், அறைக்குள் நாங்கள் காசு கொடுத்துக் குளிர்வித்த காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. நிமிடத்துக்கு 300 கன அடிக்கு ஒரு சதுர அடி என்ற கணக்கில் உள்வாங்கும் துவாரம் வேண்டும் என்பது பொதுவான விதி. எங்கள் விசிறிக்கு மூன்று சதுர அடி. இருந்ததோ, பறவை புகாமலிருக்க வலை அடித்து, அந்த வலையும் தூசியால் பாதி அடைத்துக்கொண்ட, ஒரு சதுர அடிக்கும் குறைவான இடம். இறவாரப் பலகையில் நான்கு புதிய துவாரங்கள் வெட்டி, விளக்குகளின் ஓரங்களைப் பசையால் அடைத்த பிறகு புகை நேராக நின்றது.

2023 பிப்ரவரி கடைசியில் அலுமினியத் தாள் போட்டோம். வன்பொருள் கடையில் சிசலேஷன் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். புது வீட்டுக்கு ஓடு வேய்வதற்கு முன்பே இதை விரித்துவிடுவது எளிது. பழைய வீட்டில் ஓட்டைப் பிரிக்காமல் செய்வதானால், கூரைவெளிக்குள் ஏறி, கைமரங்களின் அடிப்புறத்தில் தாளை இழுத்துப் பிடித்து ஊசியடிக்க வேண்டும். பக்கத்துத் தெருவைச் சேர்ந்த தச்சர் அண்ணன் ஒருவரும் அவருடைய மகனும் காலை ஆறரைக்கு ஏறி, பத்து மணிக்கு இறங்கிவிடுவார்கள். அதற்கு மேல் உள்ளே இருக்க முடியாது. மூன்று காலைகள் ஆயின. தாளும் கூலியும் சேர்த்து 900 ரிங்கிட்.

மெயின் சுவிட்சை அடைத்த பிறகுதான் அவர்களை ஏற விட்டேன். அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும். ஆஸ்திரேலியாவில் 2009, 2010 ஆண்டுகளில் அரசுத் திட்டம் ஒன்றின் கீழ் வீடுகளில் இத்தகைய தாளைப் பொருத்தியபோது, உலோக ஊசி மின்கம்பியில் இறங்கித் தொழிலாளர்கள் உயிரிழந்ததும், அதன் பிறகு அத்திட்டத்தில் அந்தத் தாள் நிறுத்தப்பட்டதும் பலர் அறிந்த செய்தி. பழைய கம்பிகள் ஓடும் தோட்டப்புற வீடுகளில் இது இன்னும் கவனிக்க வேண்டியது.

தாளின் பளபளப்பான பக்கம் கீழே பார்க்க வேண்டும், அதற்குக் கீழே காற்று இடைவெளி இருக்க வேண்டும். பலருக்கு இது தலைகீழாகத் தோன்றுகிறது: வெயில் மேலேயிருந்து வருகிறது, ஆகவே கண்ணாடி மேலே பார்க்கட்டும் என்று நினைக்கிறார்கள். ஆனால் பளபளப்பான உலோகப் பரப்பு வெப்பத்தைத் திருப்பி அனுப்புவது மட்டுமல்ல, தான் சூடாக இருந்தாலும் அந்தச் சூட்டை மிகக் குறைவாகவே வெளியே வீசுகிறது. சாதாரணச் சிமெண்டு வீசுவதில் இருபதில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆகவே கீழே பார்த்தாலும் வேலை நடக்கும், தூசியும் படியாது. பளபளப்பான பக்கம் எதையாவது தொட்டுக்கொண்டிருந்தால் மட்டும் அது வெறும் உலோகம். சூடு நேரே கடந்துவிடும்.

எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் கூலியை மிச்சப்படுத்த, தாளைச் சீலிங்கின் மேலேயே பளபளப்பு மேல்நோக்கி விரித்துவிட்டார். முதல் கோடையில் அவர் வீட்டில் ஐந்து பாகை குறைந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார். இரண்டாம் கோடையில் அது இரண்டரைப் பாகையாகச் சுருங்கிவிட்டது. மேலே ஏறிப் பார்த்தால், செம்மண் சாலையின் தூசி தாள் முழுதும் படர்ந்து, விரலால் கோடு கிழிக்கும் அளவுக்கு இருந்தது.

எங்கள் வீட்டில் நடு அறையை மட்டும் வேண்டுமென்றே ஒரு மாதம் தாளில்லாமல் விட்டு வைத்தேன். அந்த மார்ச்சில், விசிறியை நிறுத்திவிட்டு அளந்தபோது, நடு அறையின் சீலிங் 40.8 பாகை, தாள் போட்ட படுக்கையறையின் சீலிங் 35.5. ஒரே நாள், ஒரே வெயில், ஒரே ஓடு. வித்தியாசம் ஐந்து பாகைக்கு மேல். கணக்கும் இதற்குப் பொருந்துகிறது: கதிர்வீச்சாக வந்துகொண்டிருந்த 54 வாட், தாளுக்குப் பிறகு சதுர மீட்டருக்கு ஐந்தாறு வாட்டாகச் சுருங்க வேண்டும். தாள் எட்டாத ஓரங்களும் உத்தரங்களும் இருப்பதால் முழுப் பலன் கிடைக்கவில்லை. பிறகு விசிறியையும் ஓட விட்டேன். சீலிங் 35-க்கு இறங்கியது. அரைப் பாகைக்கு 1,400 ரிங்கிட் என்பதை இப்போது நினைத்தால் கசப்பாகத்தான் இருக்கிறது.

அறைக்குள் தொங்கும் வெப்பமானி ஒரு பாகைதான் குறைத்துக் காட்டியது. அதைப் பார்த்து ஏமாந்ததாக நினைக்க வேண்டியதில்லை. படுத்திருக்கும் உடல் காற்றை மட்டும் உணர்வதில்லை; தன்னை நோக்கியிருக்கும் பரப்புகளின் சூட்டையும் சேர்த்து உணர்கிறது, கட்டிலிலிருந்து பார்த்தால் அவற்றில் பெரியது சீலிங்.

அளப்பவர்கள் ஒரு பொறியில் விழக்கூடாது. துப்பாக்கி போன்ற அகச்சிவப்பு வெப்பமானியைச் சீலிங்குக்கு நேரே பிடித்தால் சரியான அளவு வரும். அலுமினியத் தாளுக்கு நேரே பிடித்தால் வராது. பளபளப்பான பரப்பு தன் சூட்டை வீசாமல் எதிரே இருப்பதன் சூட்டைப் பிரதிபலிப்பதால், கருவி சீலிங்கின் சூட்டைத்தான் படிக்கிறது. என் தாள் 37 பாகை என்றது. அதே தாளில் கறுப்பு மின்பட்டையை ஒட்டி, பத்து நிமிடம் கழித்துப் பட்டையின் மேல் பிடித்தபோது 48 என்றது. கடையில் தாளை நோக்கிக் கருவியைப் பிடித்து "பாருங்கள், எவ்வளவு குளிர்ச்சி" என்று காட்டினால், அந்த எண்ணுக்குப் பொருளில்லை.

இரவைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாளின் பயன் பிற்பகல் ஒரு மணியிலிருந்து இரவு எட்டு வரைதான். பதினொரு மணிக்கு நடு அறையும் படுக்கையறையும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. அதற்குள் மேற்கு வெயில் முழுவதையும் வாங்கிய செங்கல் சுவர் தன் சூட்டை அறைக்குள் விடத் தொடங்கிவிடும். இரவு ஒன்பதுக்கு அந்தச் சுவர் 35 பாகையில் நின்றது. அதைத் தாளும் தீர்க்காது, கூரைவிசிறியும் தீர்க்காது. மின்கட்டணம் சற்றுக் குறைந்தது. ஆனால் மகன் விடுதிக்குப் போனதும் அதே ஆண்டில்தான், ஆகவே அதைத் தாளின் கணக்கில் எழுத மாட்டேன். அமெரிக்க எரிசக்தித் துறை, வெப்பமான வெயில் பகுதிகளில் குளிரூட்டும் செலவில் 5 முதல் 10 விழுக்காடு மிச்சமாகலாம் என்கிறது. எங்களைப் போல் சீலிங்குக்கு மேல் காப்பே இல்லாத வீட்டில்தான் தாளின் பயன் அதிகம் தெரியும். ஏற்கெனவே கனமான பஞ்சு விரித்த வீட்டில் இதே ஐந்து பாகையை எதிர்பார்க்க முடியாது.

2025 மார்ச்சில், படுக்கையறைச் சீலிங் 36.2 ஆக ஏறியிருந்தது. மேலே ஏறிப் பார்த்தபோது தாளின் கீழ்ப்பக்கம் அப்படியே பளபளத்தது. ஆனால் இறவாரத்தை ஒட்டி எலி இரண்டு முழ நீளத்துக்குக் கிழித்துக் கூடு கட்டியிருந்தது. புதிய துண்டை மேலே ஒட்டி, நான் வெட்டிய நான்கு துவாரங்களுக்கும் இரும்பு வலை அடித்தோம். அடுத்த வெயில் நாளில் அளவு 35.6.