ஆறடி மதில்: ஒன்பது அங்குலச் செங்கல் சுவரா, கான்கிரீட் தூண்களுக்கிடையே நாலரை அங்குலச் சுவரா?

சென்னைப் புறநகரில் ஒருபுறம் திறந்தவெளியாக உள்ள மனைக்கு ஆறடி உயர மதில் எழுப்புவதாக வைத்துக்கொள்வோம். கருங்கல் கடைக்காலின் மீது ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் கட்டலாம், அல்லது கான்கிரீட் தூண்களை நிறுத்தி இடையில் நாலரை அங்குலச் சுவர் எடுக்கலாம். இரண்டுக்கும் முதல் சோதனை காற்று.

சென்னைக்கு இந்தியத் தர விதி IS 875 வகுத்துள்ள அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர் ஆகும். 0.6 × 50² என்ற கணக்கின்படி சதுர மீட்டருக்கு 1500 நியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ அழுத்தம் வருகிறது. கட்டடங்கள் மறைக்கும் தெருவில் இது குறையும். திறந்தவெளிப் பக்கத்தில் முழுவதையும் எடுத்துக்கொள்வதே நல்லது. 1.8 மீட்டர் உயரச் சுவரில் ஒவ்வொரு மீட்டர் நீளத்தின் மீதும் 270 கிலோ விசை விழுந்து, அந்த விசையைப் பாதி உயரமான 0.9 மீட்டரால் பெருக்கினால் வரும் ஏறக்குறைய 243 கிலோ-மீட்டர் அளவுக்கு அடியில் சாய்க்க முயல்கிறது. ஒன்பது அங்குலச் சுவரின் எடை மீட்டருக்கு 790 கிலோ அளவில் இருந்தாலும், அது சுவரின் பாதித் தடிமனான 11.5 சென்டிமீட்டர் தூரத்திலிருந்தே எதிர்ப்பதால், கிடைப்பது 90 கிலோ-மீட்டர் மட்டுமே. மிச்சத்தைக் கலவையின் பிடிப்புதான் தாங்க வேண்டும். கடைக்காலுக்கு மேல் ஈரம் ஏறாமலிருக்கத் தார் பூசும் இடத்தில் அந்தப் பிடிப்பும் அறுந்துவிடுவதால், புயலில் இவ்வகைச் சுவர் அந்தக் கோட்டிலேயே முழு நீளத்துக்கும் சாய்ந்துவிடக்கூடும். பத்தடிக்கு ஒரு செங்கல் தூண் வைத்தால் பலம் கூடும். ஆனால் கம்பியில்லாத தூணும் அதே கோட்டில் அதே குறையோடுதான் நிற்கிறது.

கான்கிரீட் தூண் முறையில் கம்பி அடித்தளம் வரை இறங்குவதால் இந்தக் குறை இல்லை. அதற்குப் பதிலாக இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். முதலாவது தூண் இடைவெளி. தடிமன் பாதியானால் சுவர் வளைவை எதிர்க்கும் திறன் கால்பங்காகிவிடும் என்பதால், ஒன்பது அங்குலச் சுவருக்குப் பழகிய பத்தடி இடைவெளியை நாலரை அங்குலச் சுவருக்கு அப்படியே கொடுப்பது தவறு. எட்டடிக்கு ஒரு தூண் வைத்து, கீழே பிளிந்த் பீமும் மேலே கம்பி வைத்த காப்பிங் பீமும் தூண்களோடு சேர்த்து வார்த்தால், சுவர் நான்கு பக்கமும் பிடிக்கப்பட்டு நிற்கும்.

இரண்டாவது, அடித்தளத்தின் திசை. எட்டடி இடைவெளியில் ஒரு தூணுக்கு வரும் 648 கிலோ காற்று விசை, நாலடி ஆழ அடித்தளத்தின் அடிமட்டத்தில் 1360 கிலோ-மீட்டர் அளவுக்குச் சாய்க்கும். 1.2 × 0.9 மீட்டர் அடித்தளத்தின் நீண்ட பக்கத்தைச் சுவருக்குக் குறுக்காக வைத்தால், மண், சுவர், பீம் ஆகியவற்றின் எடையால் கிடைக்கும் எதிர்ப்பு சுமார் 2290. அதையே சுவரின் நீளவாக்கில் வைத்தால் 1710 தான். குழி தோண்டும்போதே கொத்தனாரிடம் இதைச் சொல்லிவிட வேண்டும், பிறகு திருத்த முடியாது. எல்லைக்கோட்டை ஒட்டிக் கட்டும்போது அடித்தளம் பக்கத்து மனைக்குள் போகக்கூடாது. தூண் ஓரத்துக்கு வந்துவிடுவதால் வெளிப்பக்கமாகச் சாயும் ஆபத்து கூடுகிறது. அங்கே குறுக்கு அளவை உட்புறமாக 1.5 மீட்டராக்குவது என் பரிந்துரை.

கரிசல் மண்ணில் எனக்கு ஐயமே இல்லை, தூண் முறைதான். கோடையில் சுருங்கி மழையில் உப்பும் மண் தொடர் கடைக்காலைத் துண்டு துண்டாகத் தூக்கும். தூண் முறையிலோ பிளிந்த் பீமுக்கு அடியில் இடைவெளி விட்டு மண் உப்புவதற்கு இடம் தரலாம். கெட்டியான செம்மண்ணும் மலிவான கருங்கல்லும் கிடைக்கும் உள்மாவட்டத்தில், காற்றும் குறைவாக இருந்தால், ஐந்தடிக்கு உட்பட்ட மதிலுக்கு ஒன்பது அங்குலச் சுவர் போதும்.

விரிவு இணைப்பு இரண்டுக்கும் வேண்டும். சுமார் 12 மீட்டருக்கு ஒருமுறை இரட்டைத் தூண் நிறுத்தி, நடுவில் 20 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். சுவரில் இடைவெளி விட்டுவிட்டு அதன்மேல் காப்பிங்கையும் பூச்சையும் தொடர்ந்து இழுத்துவிடுவதே பரவலான பிழை. அடுத்த கோடையில் அதே இடத்தில் மயிரிழை விரிசல் மேலிருந்து கீழாக ஓடியிருப்பதைப் பார்த்தே அதைக் கண்டுகொள்ளலாம்.

மண் அழுத்தத்தில் இரண்டுமே தோற்கும். மனையை ஒரு மீட்டர் உயர்த்தி நிரப்பினால், மீட்டர் நீளத்துக்கு 300 கிலோ அளவில் மண் தள்ளும். ஒன்றரை மீட்டரானால் சாய்க்கும் திறன் மும்மடங்குக்கு மேல் போகும். மழைநீர் பின்னால் தேங்கினால் தள்ளும் விசையே இரட்டிப்பாகிவிடும். 2019 டிசம்பர் 2 அதிகாலை, பெருமழையில் மேட்டுப்பாளையம் நடூரில் உயரமான மதில் ஒன்று வீடுகளின் மேல் விழுந்து 17 பேர் உயிரிழந்தனர். ஆகவே இரண்டடிக்கு மேல் மண் நிரப்பும் இடத்தில் மதிலை அணையாக்காமல், கம்பி வைத்த தனித் தாங்குசுவர் எழுப்பி, அதில் ஐந்தடிக்கு ஒரு வடிதுளை விட்டு, துளைக்குப் பின்னால் ஜல்லி நிரப்ப வேண்டும். சுவரில் புடைப்பு தெரிந்தாலோ, மழை நாளில் துளைகள் நீர் சொட்டாமல் வறண்டிருந்தாலோ, அதை ஒட்டி யாரையும் தங்கவிடக் கூடாது.